முதலாம் ஆளையும் எட்டாம் ஆளையும் ஒரே சோடியாகப் போடலாமா?

உவர்மலையில் எங்கள் கழகத்துக்கு இருப்பது ஒரு சீமெந்துக் கோர்ட், நாலு கம்பத்தில் லைட், பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில், அதற்குள் இரண்டு கரம் போர்ட். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திருகோணமலையில் ஷட்டில் நினைத்த இடத்துக்குப் போகாது. பின்னேரம் காற்று அடங்காவிட்டால் ராக்கெட்டைச் சுவரில் சாய்த்துவிட்டு எல்லோரும் கொட்டிலுக்குள் போய்விடுவோம். அதே ஆட்கள்தான் இரண்டையும் ஆடுகிறார்கள். சோடி பிரிக்கும் முறையும் ஒன்றுதான். ஆனால் கரத்தில் அந்த முறை சத்தமில்லாமல் ஓடும், பட்மின்டனில் மட்டும் வாராவாரம் முறைப்பாடு வரும். காரணம் தேடித்தான் இந்தக் கணக்குக்குள் இறங்கினேன்.

எங்கள் முறை எல்லாக் கழகத்திலும் உள்ளதுதான். ஒற்றையர் ஆட்டங்களை வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு ரேட்டிங் எழுதி வைத்திருக்கிறோம். சதுரங்கக்காரர் பயன்படுத்தும் ஈலோ கணக்கு அது. ரேட்டிங் வித்தியாசம் பூச்சியம் என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வித்தியாசம் 400 என்றால் கீழே இருப்பவர் ஒன்று வெல்லும்போது மேலே இருப்பவர் பத்து வெல்வார். இரட்டையர் வைக்கும் நாளில் பட்டியலை நடுவில் மடித்து முதலாம் ஆளோடு எட்டாம் ஆள், இரண்டாம் ஆளோடு ஏழாம் ஆள் என்று சேர்த்துவிடுவோம். “பெரிய ஆளோட சின்ன ஆளைப் போட்டாச் சரிதானே தம்பி, இதில என்ன யோசிக்க இருக்கு?” என்பார் செயலாளர் அண்ணை.

எட்டுப் பேரின் ரேட்டிங் இப்படி என்று வைத்துக்கொள்வோம்: 1720, 1610, 1580, 1500, 1460, 1400, 1310, 1100. எந்தக் கழகத்திலும் பட்டியல் ஏறத்தாழ இந்த வடிவில்தான் இருக்கும். மேலே ஒருவர் கொஞ்சம் தனித்து நிற்பார், நடுவில் நெரிசலாக இருக்கும், கடைசியில் புதிதாக வந்த ஒருவர் தூரத்தில் இருப்பார்.

அண்ணையின் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பலரும் நினைப்பதைவிட வலுவானது. எட்டுப் பேரை நாலு சோடியாகப் பிரிக்க 105 வழி உண்டு. சோடியின் பலம் என்பது இருவருடைய ரேட்டிங்கின் சராசரி என்றால், அந்த 105 வழியிலும் மடித்துப் பிரிப்பதை வெல்ல ஒன்றும் கிடையாது. எட்டாம் ஆளுக்கு 1720-ஐ விடப் பெரிய துணை கிடைக்கப் போவதில்லை, ஆகவே கடைசிச் சோடியை அதற்கு மேல் உயர்த்த முடியாது. மறுபக்கம், மேல் மூவரில் யாரையாவது இன்னும் பலமான துணையோடு சேர்த்தால் அந்தச் சோடி மிஞ்சிப் போகும். மேலேயும் கீழேயும் இதைவிட நெருக்க இடமில்லை. எனவே மடிப்பு முறையில் குறை இருந்தால் அது பிரிக்கும் விதத்தில் இல்லை. “பலம் என்றால் சராசரி” என்று நாம் ஆரம்பத்திலேயே எடுத்துக்கொண்டதில்தான் அதைத் தேட வேண்டும்.

பட்மின்டனில் அந்த எடுகோள் உடைகிறது. ஷட்டிலை யாரிடம் அடிப்பது என்று தீர்மானிப்பவர் எதிராளி. எங்கள் முதலாம் ஆள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அவரிடம் வராத ஷட்டிலை அவர் அடிக்க முடியாது. சேர்விஸில் கூட விதி அவரைக் கட்டிப்போடுகிறது. எந்தப் பக்கத்துக் கட்டத்துக்குச் சேர்விஸ் வருகிறதோ அந்தக் கட்டத்தில் நிற்பவர்தான் எடுக்க வேண்டும், துணை ஆள் எடுக்க முடியாது. ஒருவர் தொடர்ந்து புள்ளி எடுத்துக்கொண்டே போட்டால் சேர்விஸ் மாறி மாறி இருவருக்கும் வரும். ஆக, எதிரணி போடும் சேர்விஸில் பாதியளவு எட்டாம் ஆளின் தலையில்தான் விழும். நல்ல எதிரணி அந்தப் பாதியில் மட்டும் நீளமாக ஒரு சேர்விஸ் போட்டு, அவர் தடுமாறிக் குறையாகத் திருப்பும் ஷட்டிலை முன்னால் நின்றே முடித்துவிடும்.

மற்றப் பாதியிலும் கதை அவ்வளவு மாறாது. இவர்கள் உயர்த்தி அடிக்கவேண்டி வந்தால் இருவரும் பக்கம் பக்கமாக நின்று தடுக்க வேண்டும். கோர்ட்டின் அகலம் 6.1 மீட்டர், ஆளுக்குப் பாதி. எதிராளியின் ஸ்மாஷ் எட்டாம் ஆளின் பாதிக்குத்தான் வரும். இரண்டு மூன்று தடவை இப்படிப் போனதும் முதலாம் ஆளுக்குப் பொறுக்காது, துணையின் பாதிக்குள் பாய ஆரம்பிப்பார். அவர் விட்டுவந்த இடம் வெறுமையாகும், அடுத்த ஷட்டில் அங்கே விழும். வெளியில் நின்று பார்ப்பவர்கள் “பெரிய ஆள் இண்டைக்கு சரியில்ல” என்பார்கள். எதிரணி செய்த வேலைதான் அது.

ஆகவே பட்மின்டன் சோடியின் பலத்தைக் கணக்கிடும்போது பலவீனமானவரின் பக்கம் கூடுதல் எடை வைக்க வேண்டும். நான் எடுத்த அளவு, பலவீனமானவரின் ரேட்டிங்கில் 70 சதவீதம், பலமானவரின் ரேட்டிங்கில் 30 சதவீதம். இது எந்தச் சட்டமும் இல்லை, ஒரு மதிப்பீடுதான். அதைச் சரிபார்க்கும் வழியைப் பின்னால் சொல்கிறேன். இப்போது அதே நாலு சோடிகளை இரண்டு விதமாகவும் பார்க்கலாம்.

| சோடி | சராசரி | 70–30 எடை |
|---|---|---|
| 1720 + 1100 | 1410 | 1286 |
| 1610 + 1310 | 1460 | 1400 |
| 1580 + 1400 | 1490 | 1454 |
| 1500 + 1460 | 1480 | 1472 |

முதற் சோடியும் கடைசிச் சோடியும் மோதுவதாக வைப்போம். சராசரியைப் பார்த்தால் 70 ரேட்டிங் வித்தியாசம், முதலாம் ஆளின் சோடி வெல்ல 40 சதவீத வாய்ப்பு. பரவாயில்லை, சமமான ஆட்டம் என்று சொல்லிவிடலாம். எடை போட்டுப் பார்த்தால் வித்தியாசம் 186, வாய்ப்பு 26 சதவீதத்துக்குக் கிட்ட வந்துவிடுகிறது. அதாவது கழகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் நாலு ஆட்டத்தில் மூன்றைத் தோற்கிறார், அதுவும் நடுத்தரமான இருவரிடம். முறைப்பாடு எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கும். பட்டியலில் மேலே போகப் போக உங்களுக்குக் கிடைக்கும் துணை மோசமாகிறது. எல்லோரையும்விட வசதியாக இருப்பவர்கள் நாலாம் ஆளும் ஐந்தாம் ஆளும்தான், அவர்கள் ஒருநாளும் முறைப்பாடு சொன்னதில்லை.

உங்கள் கழகத்திலும் இப்படித்தான் நடக்கிறதா என்று அறிய ஒரு எளிய அடையாளம் உண்டு. இரட்டையர் முடிவுகளையும் ரேட்டிங்கில் சேர்க்கிறவர்கள் என்றால் முதலாம் ஆளின் எண்ணைக் கவனியுங்கள். சராசரிக் கணக்கு அவரிடம் பத்து ஆட்டத்தில் நாலு வெற்றியை எதிர்பார்க்கிறது. உண்மையில் இரண்டு மூன்றுதான் வருகிறது. எதிர்பார்த்த வெற்றிக்கும் கிடைத்த வெற்றிக்கும் உள்ள வித்தியாசத்தை 20-ஆல் பெருக்கி ரேட்டிங் மாற்றுகிறீர்கள் என்றால், பத்து ஆட்டத்தில் அவருக்கு ஏறத்தாழ 28 குறைந்துவிடும். ஒற்றையரில் அவர் முன்போலவே எல்லோரையும் வென்றுகொண்டிருக்க, இரட்டையர் நாட்கள் முடிய முடிய எண் மட்டும் இறங்கினால், ஆள் பலவீனமாகவில்லை, சூத்திரம்தான் பிழை.

எடை 70–30 தானா, 60–40 ஆ என்று பார்க்கவேண்டும் என்றால் சராசரி ஏறத்தாழ சமமாக இருக்கும் ஆட்டங்களை மட்டும் குறிப்பேட்டில் தேடி எடுங்கள். நாலு பேரில் முதலாமவரும் நாலாமவரும் ஒரு பக்கம், நடு இருவர் மறுபக்கம் ஆடிய ஆட்டங்கள்தான் இதற்குப் பொருத்தமானவை. சராசரிக் கொள்கை சரி என்றால் இரு பக்கமும் பாதிக்குப் பாதி வெல்ல வேண்டும். நடு இருவர் தெளிவாகக் கூட வென்றிருந்தால் பலவீனமானவரின் எடை பாதிக்கு மேல். ஆனால் அவசரப்பட வேண்டாம். இருபது ஆட்டத்தில் 13–7 என்பது நாணயம் சுண்டினாலே அடிக்கடி வரும். நாற்பது ஆட்டத்தில் 28–12 வந்தால்தான் நான் நம்புவேன். சின்னக் கழகம் ஒன்றுக்கு அது ஒரு வருடக் குறிப்பேடு.

இன்னொரு குழப்பமும் இதற்குள் கலந்திருக்கிறது. ஒற்றையர் ரேட்டிங் நீளமான ஷட்டிலையும் ஓடும் காலையும் அளக்கிறது. இரட்டையரில் குட்டைச் சேர்விஸும் வலைக்குப் பக்கத்துக் கையும் பெரிது. ஐம்பது வயது தாண்டிய ஒருவர் ஒற்றையரில் ஆறாம் ஆளாக இருந்து இரட்டையரில் மூன்றாம் ஆள்போல ஆடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். அவர் இருக்கும் சோடிகளைச் சோதனைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள்.

சரி, கொட்டிலுக்குள் போவோம். கரத்தில் ஏன் இந்தப் பிரச்சினை இல்லை?

கரத்தில் துணைவர் இருவரும் எதிரெதிரே இருப்பார்கள், முறை வலப்பக்கமாகச் சுற்றிப் போகும். நான் தவறவிட்டால் அடுத்து என் வலப்பக்கத்து ஆள். அது யார் என்பதை நான் தெரிவு செய்ய முடியாது. “இவன் பலவீனமான ஆள், இவனுக்கே முறையைக் கொடுப்போம்” என்ற வழி இல்லை. எட்டாம் ஆளுக்கும் முதலாம் ஆளுக்கும் கிடைக்கும் முறைகள் ஏறத்தாழ சமம். அதோடு, காய் விழுந்துகொண்டிருக்கும்வரை முறை கையிலேயே இருக்கும் என்பதால் முதலாம் ஆள் ஒரே முறையில் நாலைந்து காயைப் போட்டுவிடலாம். எட்டாம் ஆள் ஒன்றும் போடாமல் எழும்பினாலும் சோடி முன்னேறுகிறது. அவரால் வரக்கூடிய நட்டம் என்றால் ஸ்ட்ரைக்கரைக் குழியில் போட்டு ஒரு காயைத் திருப்பி வைப்பது, எதிரணியின் காயைத் தெரியாமல் போட்டுக் கொடுப்பது, காய்களைத் திறந்துவிட்டுப் போவது, இவ்வளவுதான். அதனால் கரத்தில் சராசரி என்பது உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது. தொடக்க அடியிலிருந்தே போர்டை முடிக்கக்கூடிய ஒருவர் கழகத்தில் இருந்தால் எடை பலமானவர் பக்கமே சாயும். கரத்திலும் ரேட்டிங் இதே எண்கள் என்று வைத்தால் மிக ஏற்றத்தாழ்வான ஆட்டம்கூட 38 சதவீதத்துக்குக் கீழே போகாது. மடிப்பு முறையை அங்கே தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரேயொரு இடம் தவிர. காய்களைத் திறந்துவிட்டுப் போவது என்றேனே, அந்தத் திறந்த போர்டு யாருக்குக் கிடைக்கிறது என்பது இருக்கையைப் பொறுத்தது. எங்கள் பலவீனமானவரின் வலப்பக்கத்தில் உங்கள் பலமானவர் இருந்தால், அவர் விட்ட எல்லாவற்றையும் நீங்கள் அள்ளுவீர்கள். அந்த அமைப்பில் எங்கள் பலமானவருக்கு முன்னால் ஆடுபவரும் உங்கள் பலமானவர்தான். அவர் தவறவிட்டாலும் காயை மூடிவைத்துவிட்டுத்தான் எழும்புவார். எங்கள் இருவரும் தங்களுக்குள் இடம் மாறி உட்கார்ந்தால் போதும், எல்லாம் தலைகீழாகி அந்த வசதி எங்களுக்கு வந்துவிடும். அதாவது சோடிகள் சமமாக இருந்தாலும் கடைசியாக உட்காரும் சோடிக்கு ஒரு இலவசம் கிடைக்கிறது, சோடிக்குள் இடைவெளி கூடக்கூட இலவசமும் கூடும். எங்கள் கொட்டிலில் ஓர் ஆட்டம் முடிந்ததும் ஒரு சோடி மட்டும் இடம் மாறும் வழக்கத்தை வைத்தோம். பெரிய போட்டிகளுக்கு அந்தந்தப் போட்டியின் விதி இருக்கும், கழக ஆட்டத்துக்கு இது போதும்.

மறுபடி கோர்ட்டுக்கு வருவோம். மடிப்பு வேண்டாமென்றால் வேறு என்ன செய்யலாம்? சிலர் பட்டியலை இரண்டாக வெட்டி 1–5, 2–6, 3–7, 4–8 என்று சேர்க்கச் சொல்வார்கள். எல்லாச் சோடிக்குள்ளும் இடைவெளி ஓரளவு ஒன்றுபோல வரும் என்பது உண்மை, ஆனால் முதற் சோடி 1538, கடைசிச் சோடி 1220. போட்டி தொடங்க முன்பே முடிந்துவிடும். அதை இதோடு விடுகிறேன்.

எனக்குப் பிடித்தது, எட்டுப் பேரையும் ஒரே வலைக்குள் போடாமல் முதலில் நாலு நாலாகப் பிரிப்பது. மேல் நால்வர் ஒரு குழு, கீழ் நால்வர் ஒரு குழு. ஒவ்வொரு குழுவிலும் மூன்று ஆட்டம்: முதலாமவரும் நாலாமவரும் மற்ற இருவருக்கு எதிராக, பிறகு முதலாமவரும் மூன்றாமவரும், அப்புறம் முதலாமவரும் இரண்டாமவரும். ஒவ்வொருவருக்கும் மற்ற மூவரும் ஒவ்வொரு தடவை துணையாக வருவார்கள். சோடிக்குப் பரிசு இல்லை, தனியாளுக்குத்தான் புள்ளி சேரும். எங்களுக்கு ஒரு கோர்ட் என்பதால் ஒரு குழு ஆடும்போது மற்றது கொட்டிலுக்குள் கரம் ஆடும்.

“முதலாம் ஆளையும் இரண்டாம் ஆளையும் ஒன்றாக விட்டா யார் நிற்கிறது?” என்று அண்ணை கேட்டார். நியாயமான பயம். கணக்குப் பார்த்தோம். 1720, 1610 சோடி எடை போட்டால் 1643. எதிரே 1580, 1500 சோடி 1524. வித்தியாசம் 119, தோற்கும் பக்கத்துக்கு 33 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. மேல் குழுவின் மிக மோசமான ஆட்டம் இதுதான். நாங்கள் இத்தனை காலம் “சமம்” என்று நம்பி வைத்த மடிப்பு முறையின் 26 சதவீதத்தைவிட இது நல்ல ஆட்டம். அண்ணை கொஞ்சநேரம் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழ்க் குழுவில் இந்த வைத்தியம் அவ்வளவு வேலை செய்யாது, அதை மறைக்கக் கூடாது. அங்கே 1100 தனியாகத் தூரத்தில் நிற்கிறது, அடுத்தவரை எட்ட 210 வேண்டும். 1460-ஓடு சேர்த்தால் எதிர்ச் சோடியை வெல்ல 32 சதவீதம், 1400-ஓடு சேர்த்தால் 28, 1310-ஓடு சேர்த்தால் 19. எந்தத் துணையைக் கொடுத்தாலும் மீட்க முடியாத இடைவெளி அது. அங்கே சோடியை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட முன்புள்ளி கொடுப்பது நேரான வழி.

எத்தனை கொடுப்பது? 21 புள்ளி ஆட்டம் ஒன்றில், நூறு ராலியில் 45-ஐ வெல்லும் சோடி சராசரியாக 21–17 என்று தோற்கும். பார்க்க நெருக்கமாகத் தெரியும். ஆனால் அந்தச் சோடி ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு 26 சதவீதம்தான், ஏனென்றால் ராலிக்கு ராலி உள்ள சின்னக் குறை 21 வரை போகும்போது சேர்ந்துவிடுகிறது. அந்தச் சோடியை 4–0 என்று தொடங்கவிட்டால் வாய்ப்பு கிட்டத்தட்டப் பாதிக்கு வந்துவிடும். ஆகவே 26, 28 சதவீத ஆட்டங்களுக்கு நாலு, 32-க்கு மூன்று, 19-க்கு ஐந்து அல்லது ஆறு. இது ஒரே ஆட்டத்துக்கான அளவு. மூன்றில் இரண்டு என்று ஆடினால் பலமான பக்கத்தின் வாய்ப்பு இன்னும் கூடும் என்பதால், முன்புள்ளியை ஒவ்வொரு ஆட்டத்திலும் கொடுக்க வேண்டும்.

முன்புள்ளி வாங்க வெட்கப்படுபவர்கள் இருக்கிறார்கள். எங்கள் எட்டாம் ஆள் முதல் நாள் வேண்டாம் என்றுதான் நின்றார். அவரோடு ஆடியவர் “தம்பி, நாலு புள்ளி உனக்கில்ல, எனக்கு” என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தார்.

கோயில் திருவிழாவை ஒட்டியோ வருடப் பிறப்புக்கோ நிலையான சோடிகளோடு, கிண்ணம் வைத்து ஒரு போட்டி நடத்த வேண்டும் என்றால் நாலு நாலு பேர் முறை உதவாது. எல்லோரும் ஒரே போட்டிக்குள் வரவேண்டும். அப்போது மடிப்புத்தான் இருப்பதில் நல்லது, பலவீனமானவருக்கு எடை போட்ட கணக்கிலும் கடைசிச் சோடியை வேறெந்தப் பிரிப்பும் 1286-க்கு மேல் தூக்காது. செய்ய வேண்டியது, சராசரியைக் காட்டி “எல்லாம் சமம்” என்று சொல்லாமல், 70–30 எண்ணை வைத்து முன்புள்ளியை அறிவிப்புப் பலகையில் முன்கூட்டியே எழுதிவிடுவது. இந்த உதாரணத்தில் முதற் சோடிக்கு இரண்டாஞ் சோடியுடன் மூன்று, மற்ற இரண்டுடனும் நாலு.

எங்கள் பலகையில் இப்போது இரண்டு பட்டியல் தொங்குகிறது. கரத்துக்கு மடித்துப் பிரித்த சோடிகள், பக்கத்தில் யார் எப்போது இடம் மாறுவது என்று. பட்மின்டனுக்கு நாலு நாலு பேர், கீழ்க் குழுவுக்கு நேரே முன்புள்ளி. காற்று அடங்காத நாளில் முதலாவது பட்டியல் மட்டும் போதும்.